ஐந்து மணிக்கு முடியும் என்று போட்டிருந்தது

பயிலரங்குக்குப் பெயர் கொடுத்த சில நாட்களில் புலனக் குழுவில் நிகழ்ச்சி நிரல் வந்து விழும். மூன்று நாள், நாளுக்கு ஒரு பக்கம், காலை 8.30 பதிவு முதல் மாலை 5.00 நிறைவு வரை கட்டம் கட்டமாக. அது வந்த பத்தாவது நிமிடம் யாராவது ஒருவர் கேட்பார்: "ஞாயிறு எத்தனை மணிக்கு முடியும்ங்க?" கடைசிக் கட்டத்தில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. யாராவது கொஞ்சம் கடுப்போடு அந்தக் கட்டத்தை வட்டம் போட்டுத் திரும்ப அனுப்புவார்கள். அதற்கும் பதில் வரும்: "அது தெரியும். உண்மையிலேயே எத்தனை மணிக்கு முடியும்?"

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கேட்பவர் நிரலைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறார், நம்பாமல் கேட்கிறார். நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது. நம் ஊர்த் தமிழ் நிகழ்ச்சிகளில் 8.30 என்றால் வாசலில் மேசை போட ஆரம்பிக்கும் நேரம், 9.00 தொடக்கம் என்றால் பிரமுகர் வீட்டிலிருந்து கிளம்பும் நேரம் என்பது எல்லோருக்கும் பாடம். ஆகவே ஒவ்வொருவரும் தன் மனக்கணக்கில் ஒரு முக்கால் மணியைக் கூட்டிக்கொள்கிறார்கள். எல்லோரும் கூட்டிக்கொண்டு வருவதால் நிகழ்ச்சி உண்மையிலேயே முக்கால் மணி தாமதமாகத் தொடங்குகிறது. அடுத்த முறை கூட்டல் ஒரு மணியாகிறது.

போன ஆண்டு பினாங்கில் நண்பர்கள் சிலர் வாய்மொழி வரலாற்றுக்காக ஒரு மூன்று நாள் பயிலரங்கு வைத்தார்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்த பெரியவர்களைப் பேட்டி எடுத்து, ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கிப் பாதுகாக்கும் வேலையைப் பழகுவதற்கு. இடம் ஜார்ஜ் டவுன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். பினாங்குக்காரர்கள், கோலாலம்பூரிலிருந்து சிலர், கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணி, கூலிம் பக்கமிருந்து சிலர். நான் கோலாலம்பூர்க்காரன், கூடமாட உதவி செய்யப் போனவன். நிரலை அனுப்புவதற்கு முந்தைய கூட்டத்தில் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

முதல் வரைவு அழகாக இருந்தது. செயலாளர் தம்பி உழைத்துப் போட்டிருந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் 8.30 முதல் 5.00 வரை. வெள்ளி காலை 9.00 முதல் 10.00 வரை திறப்பு விழா: நெகாராகூ, தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, டத்தோ ஒருவரின் திறப்புரை, குழுப்படம். பிறகு உரை, உரை, தேநீர், உரை. சனி காலை 9.00க்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் இணையம் வழியாக. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரம் "எழுத்தாக்கம்". 4.30க்குச் சான்றிதழ், 5.00க்கு நிறைவு. ஒரு நிமிட இடைவெளிகூட இல்லை. மானியம் கொடுப்பவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல தாள் கிடைக்காது.

## டீச்சர் கேட்ட கேள்வி

குழுவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். பல வருடம் தமிழ்ப்பள்ளியில் கால அட்டவணை போட்டவர். எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு எப்போது என்று பெரிய அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டு அழித்து அழித்துப் பழகிய கை. அவர் வரைவை வாங்கி ஒவ்வொரு நேரத்தின் மேலும் பேனாவை வைத்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனார்: "இது இருபது நிமிஷம் தள்ளிப்போனா யாருக்கு என்ன ஆகும், தம்பி?"

வெள்ளி 10.30 தேநீர்? யாருக்கும் ஒன்றும் ஆகாது. 10.45 உரை? ஒன்றும் ஆகாது. 12.45 மதிய உணவு? இங்கே பேனா நின்றது. வருகிறவர்களில் தமிழ் முஸ்லிம்கள் ஆறேழு பேர். வெள்ளி ஜும்மா தொழுகைக்கு அவர்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு நடந்து போக வேண்டும். இந்த நாட்டில் 1982 சனவரி முதல் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து, பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகாலை ஒட்டித்தான். தொழுகை அதற்குப் பிறகு. வெள்ளிக்கிழமைகளில் அரசாங்க அலுவலகங்கள் 12.15 முதல் 2.45 வரை இடைவேளை விடுவது இதனால்தான். வரைவில் இருந்தது 12.45 முதல் 1.45 வரை. அதாவது அந்த ஆறேழு பேரும் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வரும்போது பிற்பகல் அமர்வு ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பின்வரிசையில் வந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் என்ன நடந்தது என்று கேட்டிருப்பார்கள்.

அடுத்து ஞாயிறு 5.00. "இது தள்ளிப்போனா யாருக்கு என்ன ஆகும்?" என்றார் டீச்சர். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கோலாலம்பூர் போகும் இடிஎஸ் ரயில் பட்டர்வொர்த்திலிருந்து புறப்படுகிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து பெரி ஏறினால் கடலைக் கடக்க பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆனால் அரங்கிலிருந்து துறைக்கு நடக்க, பெரிக்குக் காத்திருக்க, அக்கரையில் இறங்கி நிலையத்துக்குப் போக என்று கூட்டினால் ஒரு மணி நேரம் கையில் இல்லாமல் யாரும் துணிய மாட்டார்கள். அதற்குமேல் ரயிலில் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. திங்கள் காலை பள்ளி. 5.00 என்று போட்டு 5.40க்கு முடிப்பார்கள் என்று அனுபவத்தில் தெரிந்தவர் 4.00 மணிக்கே பையைத் தூக்கிவிடுவார். சான்றிதழ் கொடுக்கும்போது பாதி நாற்காலி காலி. ஏற்பாட்டாளர், "நம்ம ஆளுங்களுக்குப் பொறுமையே இல்லை" என்பார்.

இப்படிக் கேட்டுக்கொண்டே போனபோது மூன்று பக்கத்திலும் வட்டம் விழுந்த நேரங்கள் கொஞ்சம்தான். ஒவ்வொரு நாளும் தொடங்கும் நேரம், மதிய உணவு, முடியும் நேரம், வெள்ளி இடைவேளை, சென்னைப் பேராசிரியரின் நேரம், சனிக்கிழமை பெரியவர்களைப் போய்ப் பார்க்கும் நேரம். மற்றவை எல்லாம் ஏற்பாட்டாளர்களின் உத்தேசம். உத்தேசத்தையும் உறுதியையும் ஒரே எழுத்தில் ஒரே கட்டத்தில் அச்சிட்டு அனுப்புவதால்தான், முதல் நாள் காலை 9.00 பொய்த்ததுமே மூன்றாம் நாள் மாலை 5.00க்கும் மதிப்புப் போய்விடுகிறது. எனக்குப் பல நாள் பிடிபடாத விஷயம் இதுதான். பங்கேற்பவருக்கு எந்த நேரம் பொய்க்கலாம், எது பொய்க்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்க அந்தத் தாளில் வழியே இல்லை.

## வெள்ளியா, ஞாயிறா

கிழமை விஷயத்தை டீச்சர் எழுப்பவில்லை, கூலிமிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுப்பினார். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருப்பவர்களுக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. கெடாவில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். கிளந்தான், திரங்கானுவிலும் அப்படித்தான். ஜொகூரும் 2014 முதல் அப்படி இருந்துவிட்டு 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆசிரியருக்கு வெள்ளி வேலை நாள். அரை மணி தூரத்தில் கூலிமில் இருப்பவருக்கு ஞாயிறு வேலை நாள். இருவருக்கும் பொதுவான விடுமுறை சனி மட்டும்.

இதற்கு நிரலால் முழுத் தீர்வு சொல்ல முடியாது. ஆனால் பாதிச் சிக்கலை அவிழ்க்கலாம். வெள்ளி முழு நாளையும் பிடித்து வைக்காமல் பிற்பகல் 3.00க்குத் தொடங்கி மாலை 6.30க்கு முடித்தால் ஜும்மா பிரச்சினை இல்லை. பினாங்கு ஆசிரியர்கள் விடுப்பு எடுக்காமலே பள்ளி முடிந்து வரலாம். கோலாலம்பூர்க்காரர்கள் காலை ரயிலில் வந்து சேரலாம். ஞாயிறு மதியம் 1.00 மணிக்கு முடித்துச் சோறு போட்டு அனுப்பினால் ரயில் பயமும் இல்லை. கெடாக்காரர்கள் ஞாயிற்றுக்கு விடுப்பு எடுத்தாக வேண்டும் அல்லது வராமல் இருக்க வேண்டும். அதனால் தவறவே கூடாத வேலைகள் எல்லாம் சனிக்கிழமைக்கு வந்தன. இதையும் நிரலிலேயே ஒரு வரியாக எழுதினோம்: ஞாயிறு வர முடியாதவர்கள் சனி மாலைக்குள் தங்கள் பதிவை ஒப்படைத்துவிட்டு, எழுத்தாக்கத்தை வீட்டிலிருந்து செய்யலாம்.

செயலாளர் தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. "மூணு நாள்னு மானியம் வாங்கியிருக்கோம், டீச்சர். இதுல ரெண்டு நாள்கூட வரலையே." நியாயமான கவலைதான். மூன்று உரைகளைத் தூக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று எனக்குப் பிடித்தமான தலைப்பு. டீச்சர் அசையவில்லை. "மூணு நாளும் வர்றாங்கல்ல, அது மூணு நாள்தான்." கடைசியில் மானியம் கொடுத்தவர்களுக்குப் பேச்சாளர், தலைப்பு எல்லாம் விரிவாக ஒரு தாள், பங்கேற்பாளருக்கு ஒரே பக்கத்தில் ஒரு தாள் என்று இரண்டு தயாராயின. இரண்டிலும் தொடக்கமும் முடிவும் ஒன்றுதான். மூன்றாவதாக ஏற்பாட்டுக் குழுவுக்கு மட்டும் நிமிட வாரியாக ஒரு ஓட்டத் தாள்: எப்போது ஒலிவாங்கியைச் சோதிப்பது, எப்போது சாப்பாட்டுக்காரருக்குப் போன் போடுவது, பேச்சாளருக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது என்று யார் அட்டை காட்டுவது. முதல் வரைவில் இந்த மூன்றும் ஒன்றாகப் பிசைந்து கிடந்தன.

## எழுத்தாக்கம்: இரண்டு மணி நேரம்

நேரங்களைத் தளர்த்துவது சரி. உள்ளே இருக்கும் வேலை அந்த நேரத்துக்குள் அடங்குமா என்பது வேறு கேள்வி. வாய்மொழி வரலாற்றில் இதற்குக் கண்கண்ட கணக்கு ஒன்று உண்டு. பழகிய கைக்கே ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். தோட்டத்துப் பெரியவர் தமிழில் ஆரம்பித்து, மலாயில் ஒரு திட்டு, நடுவில் ஒரு தெலுங்குச் சொல் என்று பேசுவார். பின்னால் மின்விசிறி ஓடும். தமிழில் தட்டச்சு செய்யத் தடுமாறுபவருக்கு எட்டு மணி நேரம்கூடப் போதாது. வரைவின்படி சனிக்கிழமை ஆளுக்கு ஒரு மணி நேரம் பதிவு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தில் எழுத்தாக்கம். நடந்திருந்தால் எல்லோரும் முதல் இருபது நிமிடத்தைத் தொட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டில் முடிக்கிறேன் என்று கிளம்பியிருப்பார்கள். அந்த மிச்சம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், என் மேசை இழுப்பறையிலேயே கொஞ்சம் கிடக்கிறது.

ஆகவே பதிவு 45 நிமிடம் என்று குறைந்தது. எழுத்தாக்கம் அதிலிருந்து தேர்ந்தெடுத்த பத்து நிமிடத்துக்கு மட்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும், புதியவர்களுக்கு ஒன்றரை. மீதிப் பதிவுக்கு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன பேசுகிறார் என்று ஒரு நேரக்குறிப்புப் பட்டியல். பதிவை ஒரு முறை கேட்டுக்கொண்டே எழுதினால் அதற்கு இன்னொரு மணி நேரம். ஞாயிறு 9.00 முதல் 12.30 வரை வைத்தால் தேநீரும் சேர்ந்து அடங்கும்.

நிரலில் யாரும் இடம் ஒதுக்காத இன்னொரு வேலை, திரும்பி வந்ததும் கோப்புகளை இறக்கி வைப்பது. நல்ல தரத்தில் பதிந்த ஒரு மணி நேர ஒலி ஒரு ஜிபியை ஒட்டி வரும். ஆறு குழு வந்து வரிசையில் நின்று ஒரே மடிக்கணினியில் இறக்கி, பெயர் வைத்து, இரண்டாவது வட்டில் பிரதி எடுத்து, ஒரு முறை ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்க முக்கால் மணி ஆகும். நிரலில் இது இல்லாவிட்டால் தேநீர் இடைவேளையில் நடக்கும். தேநீர் இடைவேளையில் நடந்தால் ஒருவருடைய பதிவு கட்டாயம் காணாமல் போகும். பேட்டிக்கு முன் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவதும் அப்படித்தான். பெரியவருக்குக் கண்ணாடி தேடவே ஐந்து நிமிடம். அதற்குக் கால் மணி தனியாக வைத்தோம். கடைசியில் பங்கேற்பாளர் கைக்குப் போன சனிக்கிழமை இப்படி இருந்தது:

காலை 8.15 பசியாறல்
காலை 9.00 தொடக்கம். கருவிச் சோதனை, பிறகு குழுக்கள் புறப்படும்
காலை 10.15 பேட்டி (ஒப்புதல் 15 நிமிடம், பதிவு 45 நிமிடம்)
மதியம் 12.45 – 2.15 உணவு
பிற்பகல்: கோப்புகளை இறக்குதல்; தேநீர்; பேட்டிகளைக் கேட்டு விவாதித்தல்
மாலை 5.00 நிறைவு

மணி போட்டிருப்பவை நாங்கள் காப்பாற்றும் நேரங்கள் என்று மேலே ஒரு வரி. மற்றவற்றுக்கு வரிசை மட்டும். பேட்டிக்கு 10.15 என்று மணி போட்டதற்குக் காரணம் பெரியவர்கள். பசியாறி, மருந்து சாப்பிட்டு, சட்டை மாற்றி உட்கார்ந்திருப்பார்கள். பதினொன்றுக்குப் போனால் களைத்துப் போயிருப்பார்கள், பன்னிரண்டுக்குப் போனால் சாப்பாடு, அப்புறம் தூக்கம்.

சென்னைப் பேராசிரியரை சனி காலை 9.00லிருந்து வெள்ளி மாலை 4.30க்கு மாற்றினோம். நம் நேரம் அவர்களைவிட இரண்டரை மணி முன்னே. முதல் வரைவுப்படி அவர் காலை 6.30க்குப் பேச வேண்டும். அதைவிட மோசம், வரைவில் எந்த ஊர் 9.00 என்றே இல்லை. அவர் தன் ஊர்க் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தால் இங்கே 11.30 ஆகியிருக்கும், அப்போது அரங்கில் யாரும் இல்லை. மாற்றிய நிரலில் "மாலை 4.30 (சென்னை பிற்பகல் 2.00)" என்று இரண்டையும் எழுதினோம்.

திறப்பு விழா தொடக்க நேரத்திலிருந்து நகர்ந்தது. வெள்ளி 3.00க்கு நேராக வேலை. டத்தோ எப்போது வருகிறாரோ அதற்கடுத்த இடைவெளியில் விளக்கு, உரை, படம். தம்பிக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டது. நாற்பது பேரை உட்கார வைத்துவிட்டு ஒருவருக்காகக் காத்திருப்பதில் என்ன மரியாதை என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அவர் முழுக்க ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

## எப்போது அனுப்புவது

நிரல் முழுமையாகும்வரை காத்திருந்து முந்தைய நாள் இரவு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விடுப்புக்கும் ரயில் சீட்டுக்கும் உரைத் தலைப்புகள் தேவையில்லை, தேதி, கிழமை, தொடக்கம், முடிவு, இடம் போதும். அந்த ஐந்தும் ஒரு மாதம் முன்னால் போயின. முழு நிரல் ஒரு வாரம் முன்னால். இடையில் மாறினால் புதிய படத்தைப் புலனத்தில் தள்ளிவிடுவது பெரிய தொல்லை. பழைய படமும் புதிய படமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஒவ்வொரு பதிப்பு. அதனால் நிரலின் தலையிலேயே எந்தத் தேதி நிலவரம் என்று போட்டோம். ஒரே இணைப்பு, அதில் எப்போதும் புதியது. குழுவில் என்ன மாறியது என்பதை மட்டும் ஒரு வரியில்.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டத்தோ வெள்ளி 5.45க்கு வந்தார், விளக்கேற்றினார், படம் எடுத்துக்கொண்டார், அவருக்கும் மகிழ்ச்சி. சனி காலை நல்ல மழை. பட்டர்வொர்த் பக்கம் போன குழு திரும்பும்போது மணி ஒன்றரை. உணவு 2.15 வரை என்பதால் சாப்பிட்டுவிட்டு எல்லோரோடும் உட்கார்ந்தார்கள். விவாதத்துக்கு வைத்த கணக்கு தப்பியது. கேட்டு விவாதிப்பதற்கு நேரம் போதவே இல்லை, சனி 5.00க்குப் பாதி விவாதத்தில் டீச்சர் எழுந்து விளக்கை அணைத்தார். சிலருக்குக் கோபம். ஞாயிறு 1.00க்குச் சோற்றுத் தட்டோடு எல்லோரும் இருந்தார்கள், சான்றிதழை தேநீருக்கு முன்பே கொடுத்து முடித்திருந்தோம்.

எல்லா இடத்திலும் இது செல்லும் என்று நினைக்கவில்லை. ஒரே நேரத்தில் மூன்று அரங்கில் கட்டுரை வாசிக்கும் மாநாட்டில், ஒருவர் இரண்டாவது அரங்கிலிருந்து எழுந்து 11.20க்கு மூன்றாவது அரங்குக்கு ஓடுவார். அங்கே ஒவ்வொரு கட்டமும் வட்டம் போட வேண்டிய நேரம்தான். ஒரு பேச்சாளர் வராவிட்டால் அடுத்தவரை முன்னால் இழுக்கவும் கூடாது, அந்த இருபது நிமிடத்தைச் சும்மா விட வேண்டும். நான் சொல்வது ஒரே கூட்டம் ஒரே அறையில் மூன்று நாள் சேர்ந்து வேலை செய்யும் பயிலரங்குக்கு.

கெடா நண்பர்கள் சிக்கல் அப்படியே இருக்கிறது. ஞாயிறு அவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வீட்டிலிருந்து எழுத்தாக்கம் அனுப்பியவர்கள் மிகக் கொஞ்சம். அடுத்த முறை மூன்று நாளைத் தொடர்ந்து வைக்காமல் மூன்று சனிக்கிழமைகளாகப் பிரிக்கலாம் என்கிறார் டீச்சர். அப்படியானால் கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் மூன்று முறை ரயில் ஏற வேண்டும். சீட்டுக் காசை யார் கொடுப்பது என்று குழுவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.